அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்

பத்தாம் வகுப்பு முடித்த பேத்தி லீவுக்கு வந்திருக்கிறாள். கேம்பிரிட்ஜ் ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறாளாம். மேசை நிறைய மாதிரித் தாள்கள். அதில் ஒரு தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, "தாத்தா, நீங்களும் போடுங்க, யாருக்கு அதிக மார்க் வருதுன்னு பாப்போம்" என்றாள்.

ஒரு சின்னக் கட்டுரை. அதில் எட்டுக் கோடிட்ட இடங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் நேரே, வரியின் கடைசியில், பெரிய எழுத்தில் ஒரு வேர்ச்சொல். அந்தச் சொல்லை அப்படியே போட முடியாது. வாக்கியம் பெயர்ச்சொல் கேட்டால் பெயர்ச்சொல்லாகவும், பெயரடை கேட்டால் பெயரடையாகவும், வினையடை கேட்டால் வினையடையாகவும் மாற்றிப் போட வேண்டும். ஒன்றுக்கு ஒரு மார்க். எழுத்துப்பிழை இருந்தால் அதுவும் கிடையாது.

தாளைக் கையில் வாங்கியதும் எனக்கு அறுபத்தைந்து வருஷம் பின்னால் போய்விட்டது. நான் படித்தது பிரெஞ்சு மீடியம். புதுச்சேரியில் எங்கள் தலைமுறையில் பலருக்கும் அப்படித்தான். 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கை மாறியது, 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி மாறியது, ஆனால் எங்கள் வகுப்பறையில் மட்டும் ஒன்றும் மாறவில்லை. இதே பயிற்சிதான் அங்கேயும். ஒரே வித்தியாசம், வேர்ச்சொல் வரிக்கடைசியில் இராது, வாக்கியத்தின் நடுவிலேயே அடைப்புக்குறிக்குள் உட்கார்ந்திருக்கும்.

பிரான்சில் எதுவார் பிளெட், ஒதெத் பிளெட் என்று ஒரு தம்பதி. இருவரும் பள்ளி ஆசிரியர்கள். 1946-இல் அவர்கள் போட்ட எழுத்துப் பயிற்சிப் புத்தகம் அப்புறம் தலைமுறை தலைமுறையாக ஓடியது. மேலே ஒரு விதி, கீழே ஒரு வரிசை வாக்கியங்கள். "தபால்காரர் (லான்) நடக்கிறார்" என்கிற மாதிரி. லான் என்றால் மெதுவான. அதை 'மெதுவாக' என்று ஆக்க வேண்டும். விடை, லான்த்மான்.

விதி என்ன என்றால், பெயரடையை எடு, அதைப் பெண்பாலாக்கு, பிறகு கடைசியில் 'மான்' சேர். அவ்வளவுதான். லான் என்பது ஆண்பால், லான்த் பெண்பால், லான்த்மான் வினையடை. தூ என்றால் மென்மையான, பெண்பால் தூஸ், தூஸ்மான் என்றால் மென்மையாக. வீஃப் என்றால் துடிப்பான, பெண்பால் வீவ், வினையடை வீவ்மான். செக் என்றால் உலர்ந்த, பெண்பால் சேஷ், வெடுக்கென்று பதில் சொல்வதற்கு சேஷ்மான். இதைக் காதாலேயே பிடித்துக்கொள்ளலாம். ஆண்பாலில் வாயில் வராத கடைசி மெய் பெண்பாலில் கணீரென்று வரும், அந்த ஒலியோடுதான் 'மான்' ஒட்டும். தமிழ் வாய்க்கு இது கஷ்டமே இல்லை.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். தபால்காரர் ஆண். அவர் நடப்பது எப்படி என்று சொல்ல எதற்குப் பெண்பால்? வகுப்பில் எழுந்து நின்று கேட்டேன். "முசியே, ஏன் பெண்பால்?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "விதி அப்படி" என்றார். பின்னால் இருந்த பையன்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மறந்துவிட்டது, கேள்வி மறக்கவில்லை. விடை தெரிந்தது நான் உத்தியோகத்தில் சேர்ந்து சில வருஷங்கள் ஆன பிறகு, ஒரு நூலகத்தில் பிரெஞ்சு மொழி வரலாறு ஒன்றைப் புரட்டியபோது.

விடை லத்தீனில் இருக்கிறது. பழைய லத்தீனில் வினையடைக்குத் தனி விகுதிகள் இருந்தன. பேச்சு வழக்கில் அவை மெல்லத் தேய்ந்து போயின. அந்த இடத்துக்கு ஜனங்கள் ஒரு சுற்றுவழி கண்டுபிடித்தார்கள். மென்ஸ் என்றால் லத்தீனில் மனம். 'மனத்தோடு' என்று சொல்ல மெந்தே. தெளிந்த மனத்தோடு பேசினான், கலங்கிய மனத்தோடு போனான் என்று சொல்வார்கள். மென்ஸ் என்பது லத்தீனில் பெண்பால் சொல். அதனால் அதற்கு முன்னால் வரும் பெயரடையும் பெண்பாலாகத்தான் இருக்க வேண்டும். லெந்தா மெந்தே, அதாவது மெதுவான மனத்தோடு. இந்த இரண்டு சொல்லும் நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்தே புழங்கி, ஒட்டி, தேய்ந்து, லான்த்மான் ஆகிவிட்டது. நாங்கள் பெண்பாலாக்கியது தபால்காரரை அல்ல. அவருடைய மனத்தை!

முதலில் மனம் உள்ளவர்களுக்கு மட்டும்தான் இது பொருந்தியிருக்கும். பேசுவது, போவது, பொறுப்பது என்று. அப்புறம் மெந்தேயின் பொருள் மறந்து போய் வெறும் வால் ஆனது. கல் மெதுவாக உருளுகிறது, எண்ணெய் மெதுவாக வடிகிறது என்று எதற்கும் சேர்த்தார்கள். கல்லுக்கு ஏது மனம்? இந்த மாற்றம் முடிந்துவிட்டதற்கு ஒரு பழைய சாட்சியும் இருக்கிறது. ரைகெனௌ மடத்தில் பாதுகாக்கப்பட்டதால் ரைகெனௌ சொற்பட்டியல் என்று பெயர் பெற்ற ஒரு கைப்பிரதி. 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். பைபிளின் லத்தீன் அக்காலத்து மக்களுக்குக் கடினமாகிவிட்டதால், கடினச் சொல்லுக்குப் பக்கத்தில் எளிய சொல் எழுதி வைத்திருக்கிறார்கள், நம் ஊரில் அரும்பத உரை எழுதுவது போல. அதில் சிங்குலாரித்தெர் என்ற பழைய வினையடைக்கு சோலாமெந்தே என்று பொருள் எழுதியிருக்கிறது. 'தனியாக' என்று அர்த்தம். பழைய விகுதி புரியாமல் போய், மெந்தே வால் வீட்டுச் சொல்லாகிவிட்டது என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிகிறது.

ஸ்பானிய மொழியில் இந்த ஒட்டு இன்னும் முழுசாகக் காயவில்லை. மெதுவாகவும் தெளிவாகவும் என்று இரண்டு வினையடை அடுத்தடுத்து வந்தால், முதல் சொல்லில் மெந்தேயை விட்டுவிடுவார்கள். லெந்தா இ கிளாராமெந்தே. ஒரே மனம், இரண்டு அடைகள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாமும் இதைத்தானே செய்கிறோம்? 'கண்ணும் கருத்துமாக' என்கிறோம். கண்ணாகவும் கருத்தாகவும் என்று யார் சொல்கிறார்கள்? கடைசியில் ஒரே ஒரு 'ஆக' இரண்டுக்கும் பொதுவாக நிற்கிறது. நம் வால் 'ஆகு' என்ற வினையிலிருந்து வந்தது. வேகம் என்ற பெயரோடு 'ஆன' சேர்ந்தால் வேகமான, 'ஆக' சேர்ந்தால் வேகமாக. நமக்கு மனமும் வேண்டாம், பெண்பாலும் வேண்டாம், ஆனால் போதும்.

சரி, பெண்பால் விதிக்கு வருகிறேன். அந்த விதியைப் பையன்கள் ஓரளவு மனப்பாடம் பண்ணிவிடுவார்கள். அடி விழுவது வேறொரு இடத்தில். கொன்ஸ்தான் என்றால் இடைவிடாத. பெண்பால் கொன்ஸ்தான்த். விதிப்படி கொன்ஸ்தான்த்மான் என்று எழுதினால் தப்பு. சரியான விடை கொன்ஸ்தமான். அதேபோல் பஸ்யான், பொறுமையான, வினையடை பஸ்யமான். இரண்டிலும் பெண்பாலைக் காணவே காணோம். போதாததற்கு இன்னொரு பொறி. முதல் சொல்லில் 'மான்'-க்கு முன்னால் எழுதுவது 'அ', இரண்டாவதில் எழுதுவது 'எ'. ஆனால் வாயில் இரண்டுமே 'அமான்'தான். காதை நம்பி எழுதினால் சிவப்பு மை. வேர்ச்சொல்லில் எந்த உயிர் இருந்ததோ அதையே எழுத வேண்டும் என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் தப்பிக்கலாம்.

இதையும் விதிவிலக்கு என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள். உண்மையில் இது விலக்கே இல்லை, பழைய விதி. லத்தீனில் பெயரடைகள் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு ஆண்பாலுக்கு ஒரு வடிவம், பெண்பாலுக்கு ஒரு வடிவம். இன்னொரு கட்சிக்கு இரண்டு பாலுக்கும் ஒரே வடிவம். கொன்ஸ்தான், பஸ்யான் எல்லாம் இந்த இரண்டாவது கட்சி. பழைய பிரெஞ்சிலும் அப்படியே இருந்தன. ஆகவே மெந்தே ஒட்டிய காலத்தில் பெண்பாலுக்கென்று தனியாக ஒரு 'த்' அவற்றுக்கு இல்லை, உள்ளபடியே ஒட்டிக்கொண்டன. பல நூற்றாண்டுக்குப் பிறகுதான், மற்றச் சொற்களைப் பார்த்து இவையும் பெண்பாலுக்கு ஒரு ஈறு வாங்கிக்கொண்டன. ஆனால் வினையடை அதற்கு முன்னாலேயே உறைந்துவிட்டது.

இதற்கு நம் வீட்டிலேயே அத்தாட்சி இருக்கிறது. பாட்டிக்குப் பிரெஞ்சில் கிரான்மேர். பெரிய தாய். தாய் பெண்பால், ஆகவே கிரான்த்மேர் என்றல்லவா இருக்க வேண்டும்? இல்லை. கிரான் என்பதும் அந்த இரண்டாவது கட்சிச் சொல்தான். பழைய வடிவத்திலேயே அது பாட்டியிடம் தங்கிவிட்டது. பின்னால் வந்த இலக்கணக்காரர்கள் இது தெரியாமல், ஏதோ ஒரு எழுத்து விழுந்துவிட்டது என்று நினைத்து, நடுவில் ஒரு மேற்குறி போட்டு வைத்தார்கள். என் தகப்பனாரின் கடிதங்களில் அந்த மேற்குறியோடுதான் இருக்கும். பிரெஞ்சு அகாதெமி 1932-35 அகராதிப் பதிப்பில் அதை எடுத்துவிட்டுச் சிறு கோடு போட்டது. எழுத்து எதுவும் விழவே இல்லை, முதலிலிருந்தே இல்லை.

இப்போது லான் என்ற சொல்லைத் திரும்பப் பாருங்கள். எழுத்தில் அதுவும் பஸ்யான் மாதிரியேதான் முடிகிறது. அப்படியானால் வினையடை லமான் என்றல்லவா வர வேண்டும்? வராது. லத்தீனில் அது முதல் கட்சி. லெந்துஸ் ஆண்பால், லெந்தா பெண்பால் என்று ஆரம்பத்திலிருந்தே இரண்டு வடிவம். அதனால்தான் லான்த்மான். ஒரு பையன் நோட்டில் எழுதும் 'த்' என்கிற ஒற்றை எழுத்து, ரோமாபுரிக் காலத்துக் குடும்ப அட்டையைக் காட்டுகிறது. எல்லாச் சொல்லும் இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும் என்று நினைக்க வேண்டாம். 'தற்சமயம்' என்பதற்கான ப்ரெசான்த்மான் இரண்டாவது கட்சிச் சொல்லிலிருந்து வந்தும் முதல் கட்சி மாதிரி நடந்துகொள்கிறது. கிரான் என்பதற்கே இன்று கிரான்த்மான் என்று புது வழக்குப்படி வினையடை செய்துகொண்டார்கள். மொழி என்றால் நாலு பேர் கட்சி மாறத்தான் செய்வார்கள்.

ஆங்கிலத்துக்கு வருவோம். என் இருபதுகளில் அரசு எழுத்தர் வேலையில் சேர்ந்தபோது கோப்பெல்லாம் ஆங்கிலம். பிரெஞ்சில் நான் கெட்டி, ஆங்கிலத்தில் அரைகுறை. ஒரு சமாதானம் இருந்தது. இரண்டுக்கும் நிறையச் சொற்கள் பொது, வால் மட்டும்தான் வேறு என்று நினைத்துக்கொண்டேன். 'மான்' வந்த இடத்தில் 'லி' போட்டால் ஆங்கிலம். பெரும்பாலும் சரியாகவும் வந்தது.

அந்த 'லி' எங்கிருந்து வந்தது என்பதும் ஒரு கதை. பழைய ஆங்கிலத்தில் லிச் என்றால் உடல். ஜெர்மன் மொழியில் இன்றும் லைஹே என்றால் பிணம். இங்கிலாந்தில் பழைய மாதாகோயில் கல்லறை வாசலில் கூரை போட்ட ஒரு நுழைவாயில் இருக்கும், பாதிரியார் வரும்வரை சவப்பெட்டியை இறக்கி வைக்க. அதற்கு லிச்கேட் என்றே பெயர். அந்த உடல் என்ற சொல்தான் 'இன்ன உருவுள்ள' என்ற பொருளில் வாலாக ஒட்டியது. 'போல' என்று பொருள்படும் லைக் என்பதும் அதே குடும்பம். ஆக, பிரெஞ்சுக்காரன் மெதுவாக நடந்தால் மெதுவான மனத்தோடு, ஆங்கிலேயன் மெதுவாக நடந்தால் மெதுவான உடலோடு! நான் ரசித்துச் சொன்னதும் பேத்தி, "இது பரீட்சைக்கு வராது தாத்தா" என்றுவிட்டாள்.

ஆனால் வரும். பழைய ஆங்கிலத்தில் பெயரடைக்கு 'லிச்', வினையடைக்கு 'லிச்சே' என்று இரண்டு வால். கடைசி உயிர் தேய்ந்ததும் இரண்டும் ஒன்றாகி 'லி' ஆகிவிட்டது. அதனால்தான் ஃப்ரெண்ட்லி என்ற சொல் வினையடை மாதிரித் தோன்றினாலும் பெயரடை. ஃப்ரெண்ட் என்று வேர்ச்சொல் கொடுத்து, 'சிநேகமாகச் சிரித்தாள்' என்ற இடத்தில் கோடு போட்டால், ஒற்றைச் சொல்லில் விடை வராது; 'இன் எ ஃப்ரெண்ட்லி வே' என்று சுற்றித்தான் சொல்ல வேண்டும். பிள்ளைகள் வால் பார்த்து ஏமாறுவது இங்கேதான்.

நான் ஏமாந்தது வால் பார்த்து அல்ல, வேர் பார்த்து. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

எழுபதுகளின் கடைசி. ஒரு கடைநிலை ஊழியர் பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டார். அவர் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் போட வேண்டும். பணிப்பதிவேட்டில் அவர் பெயர் ஒரு விதமாகவும் விண்ணப்பத்தில் ஒரு விதமாகவும் இருந்ததால் இழுத்துக்கொண்டிருந்தது. ஒருவழியாகச் சான்றிதழ் வந்ததும் நான்தான் நோட் போட்டேன். மாத ஓய்வூதியத்தை உடனே அனுமதிக்கலாம், பழைய நிலுவை ஏதாவது இருக்குமானால் அதையும் சேர்த்து வழங்கலாம் என்பது என் கருத்து. பிரெஞ்சில் இந்த 'இருக்குமானால்' என்பதற்கு ஒரே சொல் உண்டு, எவாந்துயெல்மான். நான் வாலை மாற்றினேன். இவென்ச்சுவலி. "நிலுவையும் இவென்ச்சுவலி வழங்கப்படலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிட்டேன்.

இரண்டு சொல்லுக்கும் தாய் ஒன்றுதான். லத்தீனில் எவெந்துஸ், நேர்ந்தது, விளைவு. பிரெஞ்சில் அது 'அப்படி நேர்ந்தால்' என்று போனது. ஆங்கிலத்தில் 'நேர்ந்து முடிந்தபின், கடைசியில்' என்று போனது. மேலே இருந்தவர் ஆங்கிலம் படித்தவர். நிலுவையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் பரிந்துரைத்ததாகவே எடுத்துக்கொண்டார். அவர் மேல் தப்பே இல்லை. மாத ஓய்வூதியம் உடனே போனது. நிலுவைக்கான தாள் தனியாகப் பிரிக்கப்பட்டு, அவசரமில்லாதவற்றோடு கட்டப்பட்டது.

அந்த அம்மா மாதாமாதம் முதல் வாரத்தில் வருவார். கையில் ஒரு மஞ்சள் பை. "மீதிப் பணம் வந்திச்சா தம்பி?" என்பார். பெண்ணுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். நான், "மேலே இருக்குதும்மா, வந்துடும்" என்பேன். என் நோட் சரியாக இருக்கிறது, மற்றவர்கள்தான் தூங்குகிறார்கள் என்று உள்ளுக்குள் கோபம் வேறு. இப்படி ஏழு மாதம் போனது.

பிறகு மாற்றலாகி வந்த ஒருவர் பழைய கட்டுகளைப் புரட்டிப் பார்த்தபோது என்னைக் கூப்பிட்டார். "இதுல நிலுவையக் கடைசியில குடுக்கலாம்னு ஏன் எழுதியிருக்கீங்க? என்ன ஆட்சேபணை?" எனக்குப் புரியவில்லை. அப்படி எழுதவே இல்லை என்றேன். அவர் பேனாவால் அந்தச் சொல்லைச் சுட்டினார். சரிதானே என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மேசையில் இருந்த அகராதியை என் பக்கம் திருப்பி வைத்தார். நின்றபடியே படித்தேன். அன்றைக்கே ஒரு வரித் திருத்தம் போட்டு, நானே கையில் எடுத்துக்கொண்டு மேசை மேசையாக நடந்தேன். மூன்று வாரத்தில் பணம் வந்துவிட்டது. அதற்குள் அவர்கள் வட்டிக்கு வாங்கிக் கல்யாணத்தை முடித்திருந்தார்கள். தப்பு என்னுடையது என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. "நீங்க நல்ல மனுஷன் தம்பி, மேல உள்ளவங்கதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அந்தச் சொல்லை வைத்து யாராவது எனக்குப் பள்ளியில் இந்தப் பயிற்சி கொடுத்திருந்தால் முழு மார்க் வாங்கியிருப்பேன். வேர் சரி, வால் சரி, வினையடை கேட்ட இடத்தில் வினையடை. எழுத்துப்பிழைகூடக் கிடையாது. பொருள் மட்டும்தான் வேறு.

இதை வைத்துக்கொண்டுதான் பேத்தியின் தாளைப் பார்த்தேன். மூன்றாவது கோட்டில் வேர்ச்சொல் கன்சிடர். வாக்கியம், 'மழையில் வாசலிலேயே காத்திருந்தது அவருடைய ___ குணம்' என்கிற மாதிரி. அவள் கன்சிடரபிள் என்று போட்டிருந்தாள். "ஏம்மா இது?" என்றேன். "கோட்டுக்கு அப்புறம் பெயர்ச்சொல் வருது, அதனால பெயரடை வேணும். கன்சிடரபிள் பெயரடைதானே?" வகுப்பில் கற்றுக்கொடுத்தபடி கோட்டுக்கு முன்னும் பின்னும் பார்த்திருக்கிறாள். அந்த முதல் படி சரி. ஆனால் அந்த வேரிலிருந்து பெயரடை இரண்டு பிறக்கிறது. கன்சிடரபிள் என்றால் கணிசமான. கன்சிடரேட் என்றால் பிறரை நினைத்துப் பார்க்கிற. கோட்டின் இரண்டு பக்கம் மட்டும் பார்த்தால் இரண்டுமே பொருந்தும். மழை, வாசல், காத்திருந்தது என்று முழு வாக்கியத்தையும் படித்தால்தான் ஒன்று விழும். ஆறாவது கோட்டிலும் இப்படித்தான். வேர்ச்சொல் கேர். கேர்ஃபுலி என்று போட்டுவிட்டாள். அடுத்த வாக்கியத்தில் கண்ணாடி கீழே விழுந்து உடைகிறது. அங்கே வேண்டியது கேர்லெஸ்லி. இதையெல்லாம் இந்தத் தேர்வுக்காரர்கள் தெரிந்தேதான் வைக்கிறார்கள். வாக்கியத்தைத் தாண்டிப் படிக்காதவனைப் பிடிக்க எதிர்மறை நல்ல வலை.

கேம்பிரிட்ஜ்காரர்கள் அந்நியருக்கான ஆங்கிலத் தேர்வை முதன்முதலில் நடத்தியது 1913-இல். மொத்தம் மூன்று பேர் எழுதினார்கள், மூன்று பேரும் தேறவில்லை. அந்தத் தேர்வில் ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கோ ஜெர்மனுக்கோ மொழிபெயர்க்க வேண்டும், அங்கிருந்து திரும்பவும் ஆங்கிலத்துக்கு. அன்று நான் இருந்திருந்தால் நாலாவது ஆளாக உட்கார்ந்து, பிரெஞ்சுப் பக்கத்தில் கொஞ்சம் மார்க் வாங்கியிருப்பேன். இவென்ச்சுவலியில் போய் விழுந்திருப்பேன்.

எட்டும் போட்டு முடித்தோம். பேத்தி விடைத்தாளை எடுத்துத் திருத்தினாள். அவளுக்கு ஆறு. எனக்கும் ஆறுதான். எனக்குப் போன ஒன்று, ஸ்ட்ராங் என்ற வேரிலிருந்து பெயர்ச்சொல். ஸ்ட்ரெங்த் என்று சரியாகத்தான் நினைத்தேன். உயிர் மாறுகிறது, லாங் லெங்த் ஆவது போல. ஆனால் எழுதும்போது நடுவில் ஒரு மெய்யை விட்டுவிட்டேன். இன்னொன்று ட்ரூ என்பதை வினையடையாக்குவது. கடைசியில் இருக்கும் 'இ' எழுத்து விழுந்துவிட வேண்டுமாம், நான் அதை வைத்து எழுதிவிட்டேன்.

"ஏன் விழணும்?" என்று கேட்டேன்.

"ரூல் அப்படி தாத்தா" என்று சொல்லி, சிவப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.